கடைசிச் சம்பளமும் மூன்று நாள் வேலையும்

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கம்போங் மேடானில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாம் ஆளுக்கு இடமிருக்காது. மூன்றாம் ஆளாக அன்று பெரியப்பா பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்தார்.

“ஏண்டா, வாரத்துக்கு மூனு நாளு மட்டும் வேலைக்குப் போனா என் பென்ஷன் எவ்ளோ கொறையும்? கணக்குப் போட்டுச் சொல்லு.”

அப்பாவுக்கு 56 வயது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடமாக இயந்திரப் பராமரிப்பு வேலை. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஏணி ஏறி இறங்கும் வேலையை இனிமேல் வாரம் முழுக்கச் செய்ய முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. வேலையை ஒரேயடியாக விடவும் மனம் இல்லை, அதற்கான காசும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா முந்திக்கொண்டார். “டேய் தம்பி, அதெல்லாம் செய்யாத. கடைசிச் சம்பளத்துல மட்டும் கையே வைக்கக் கூடாது. பென்ஷன் மொத்தமும் அதுலதான் நிக்குது.”

பெரியப்பா அரசாங்கத்தில் வாகன ஓட்டுநராக இருந்து 2011-இல் ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது அவருடைய வாழ்க்கையில் நூற்றுக்கு நூறு சரி. அப்பாவின் வாழ்க்கையில் அது ஏறக்குறைய தவறு. ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே கேள்விக்கு ஏன் வேறு வேறு விடை வருகிறது என்பதைத் தேடிப் போனதில் எழுதியது இந்தக் கட்டுரை. நான் படித்தது பொறியியல். சட்டமோ பொருளாதாரமோ படிக்கவில்லை. ஆனால் ஒரு சூத்திரத்தைப் பார்த்தால் அது எந்த எண்ணை உள்ளே வாங்குகிறது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது என்று பார்க்கத் தெரியும். ஓய்வூதியமும் அப்படிப்பட்ட ஒரு சூத்திரம்தான். ஒரு மனிதன் வேலை செய்த பத்தாயிரம் நாளில் எந்த நாளின் சம்பளத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதுதான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

பெரியப்பாவின் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். மலேசிய அரசு ஊழியர்களின் ஓய்வூதியம் 1980-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டத்தின்படி நடக்கிறது. வேலை செய்த மாதங்களை 600-ஆல் வகுத்து, வருவதைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தால் பெருக்க வேண்டும். 2009 முதல் இதன் உச்ச அளவு கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு. அதாவது 30 வருடம், 360 மாதம் வேலை செய்தவர் உச்சத்தைத் தொட்டுவிடுவார். பெரியப்பாவின் கடைசிச் சம்பளம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மாத ஓய்வூதியம் 1,200 வெள்ளி. இதோடு ஒருமுறை மட்டும் கிடைக்கும் பணிக்கொடை ஒன்று உண்டு. அதற்கும் மாதங்களின் எண்ணிக்கையை 7.5 விழுக்காட்டாலும் கடைசிச் சம்பளத்தாலும் பெருக்க வேண்டும். 54,000 வெள்ளி வரும்.

இந்தச் சூத்திரத்துக்குள் முதல் 29 வருடங்கள் மாத எண்ணிக்கையாக மட்டும்தான் நுழைகின்றன. அந்த வருடங்களில் என்ன சம்பளம் வாங்கினோம் என்பது அதற்குத் தேவையில்லை. சம்பளம் என்ற எண் உள்ளே போவது ஒரே ஒரு இடத்தில், கடைசிப் படியில். ஒரு பேச்சுக்கு, பெரியப்பா கடைசி வருடம் பாதி நேர வேலைக்கு மாறி 1,000 வெள்ளி வாங்கியிருந்து, அதையே கடைசிச் சம்பளமாக எடுத்திருந்தால், ஓய்வூதியம் 600 வெள்ளி, பணிக்கொடை 27,000 வெள்ளி என்று இரண்டும் சரிபாதியாகியிருக்கும். 29 வருட முழு நேர வேலையை ஒரு வருட அரை நேர வேலை விழுங்கிவிடும். கடைசிச் சம்பளத்தில் கைவைக்காதே என்ற பயம் இங்கிருந்து வந்தது.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு பழைய எண்ணம் இருக்கிறது. பிரிட்டனின் 1859-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம், அரசு ஊழியருக்கு வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் அறுபதில் ஒரு பங்கு என்று கணக்கிட்டது. காலனி அலுவலகங்களிலும் இதே மாதிரியான எண்ணம்தான் வேர் பிடித்தது. அரசு ஊழியர் என்பவர் இளம் வயதில் கீழ்ப்படியில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, உச்சியில் நிற்கும்போது ஓய்வு பெறுபவர். அவருடைய கடைசிப் படிதான் அவருடைய தகுதி, ஓய்வூதியம் என்பது அந்தத் தகுதி வீட்டிலும் தொடர்வது. இப்படி நினைக்கிற ஒரு சட்டத்தில், கடைசிக் காலத்தில் ஒரு மனிதன் படியிறங்கி வரலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. 55 வயதுவரை முழு மனிதன், மறுநாள் ஓய்வூதியர். அந்த 55-தான் பிறகு 2001-இல் 56, 2008-இல் 58, 2012-இல் 60 என்று நகர்ந்தது. எண் நகர்ந்ததே தவிர, ஒரு நாளில் முடிந்துபோகும் அந்த அமைப்பு நகரவில்லை.

தோட்டத்துக் கதை வேறு. அங்கே ஏறுவதற்கு உச்சியே இல்லை. 1907-இல் மலாயாவில் இந்தியக் குடியேற்ற நிதி என்று ஒன்று உண்டானது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியில் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கூட்டி வந்தார்கள். முதுமையாலும் நோயாலும் உழைக்க முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பவும் அதே நிதி பயன்பட்டது. நம் முப்பாட்டன்மார்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் ஓய்வுத் திட்டம் ஒரு கப்பல் டிக்கெட் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஊழியர் சேமநிதி 1951-இல் வந்தது. தொழிலாளி சம்பளத்தில் 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. இதில் கடைசிச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. ஒவ்வொரு மாதமும் என்ன போட்டார்களோ அது, அதன்மேல் வருடா வருடம் வந்த லாப ஈவு. அவ்வளவுதான். 55 வயதில் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

பாட்டி 1936-இல் பிறந்தவர். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வயதில் விடியற்காலை இருட்டில் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக ஓட முடியாமல் போனதும் அவரை ஆயாக் கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போட்டார்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் புல் வெட்டுதல், கிராணி வீட்டு வாசல் கூட்டுதல். இலேசான வேலை, அதற்கேற்ற இலேசான சம்பளம். இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் இன்று புத்தகங்களில் ‘படிப்படியான ஓய்வு’ என்று எழுதுகிறார்களே, அதைத்தான் எங்கள் பாட்டி செய்திருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால் அவரிடம் யாரும் கேட்கவில்லை, எந்தக் கடிதமும் தரவில்லை.

1991-இல் பாட்டி சேமநிதியை எடுத்தார். கடைசி ஏழெட்டு வருடம் குறைந்த சம்பளம் வாங்கியதால் அவர் பணம் பாதியாகிவிட்டதா? இல்லை. பால்மரம் வெட்டிய வருடங்களில் போட்டது அப்படியே இருந்தது, லாப ஈவோடு வளர்ந்தும் இருந்தது. குறைந்தது கடைசி வருடங்களின் சந்தா மட்டும். பெரியப்பாவின் சூத்திரம் கடைசிப் படியை மட்டும் நினைவில் வைத்திருந்தது. பாட்டியின் சூத்திரம் ஒரு நாளைக்கூட மறக்கவில்லை. அந்தப் பணத்தில்தான் கம்போங் மேடானில் பலகை வீட்டுக்குத் தகரக் கூரை போட்டார்கள். அதில் மாதாமாதம் வரக்கூடியது என்று எதுவும் மிஞ்சவில்லை. அது இந்த அமைப்பின் மறுபக்கம்.

இனி அப்பாவின் கணக்கு. அவருக்கு உண்மையில் பென்ஷன் என்று ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லைப் பெரியப்பாவிடமிருந்து கடன் வாங்கிப் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது சேமநிதி. அவருடைய உண்மையான எண்களைக் கொஞ்சம் முழுமைப்படுத்தித் தருகிறேன். அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி. சேமநிதியில் 160,000 வெள்ளி. 60 வயதுக்கு இன்னும் நான்கு வருடம். அவர் 11 விழுக்காடு கட்டுகிறார், 5,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்குபவர் என்பதால் கம்பெனி 13 விழுக்காடு கட்டுகிறது. மாதம் 720 வெள்ளி. லாப ஈவு 2023-இல் 5.5 விழுக்காடு, 2024-இல் 6.3 விழுக்காடு. நான் பாதுகாப்பாக 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டேன்.

முழு நேரமாகவே நான்கு வருடமும் போனால் 60 வயதில் சுமார் 231,700 வெள்ளி இருக்கும். ஐந்து நாளில் மூன்று நாள் மட்டும் போனால் சம்பளம் 1,800 வெள்ளி, சந்தா மாதம் 432 வெள்ளி. 60 வயதில் சுமார் 216,800 வெள்ளி. வித்தியாசம் 14,900 வெள்ளி. இருபது வருடத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 62 வெள்ளிதான். “அவ்வளவுதானா?” என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியப்பா நம்பவில்லை.

அவர் நம்பாததும் ஒரு வகையில் நியாயம், ஏனென்றால் கணக்கு அங்கே முடியவில்லை. முழு நேரத்தில் சேமநிதி போக 2,670 வெள்ளி வீட்டுக்கு வருகிறது. மூன்று நாள் வேலையில் 1,602 வெள்ளி. நடுவில் மாதம் 1,068 வெள்ளி பள்ளம். வீட்டுச் செலவு மூன்று நாளாகக் குறையாதே. 55 வயதில் சேமநிதி அதுவரை சேர்ந்ததை ‘கணக்கு 55’ என்று ஒதுக்கிவிடுகிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதன் பிறகு போடுவது மட்டும் ‘எமாஸ்’ கணக்குக்குப் போய் 60 வயதுவரை பூட்டி இருக்கும். ஆகப் பள்ளத்தை நிரப்பப் பணம் கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மாதாமாதம் 1,068 வெள்ளி எடுத்துக்கொண்டே வந்தால், எடுத்ததும் அது ஈட்டியிருக்கக்கூடிய லாப ஈவும் சேர்ந்து நான்கு வருடத்தில் 55,200 வெள்ளி கரையும். 60 வயதில் மிச்சம் 161,600 வெள்ளி. நான்கு வருடம் வேலை செய்தும் இன்று இருக்கும் அதே இடத்திலேயே நிற்பார்.

சேமநிதியில் பகுதி நேர வேலை செய்யும் சேதம் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறது. குறைந்த சந்தாவால் வருவது சின்னச் சேதம். பள்ளத்தை நிரப்ப முன்கூட்டியே எடுப்பதால் வருவது அதைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. அப்பா கேட்டது முதலாவதைப் பற்றி. கேட்டிருக்க வேண்டியது இரண்டாவதைப் பற்றி.

இன்னொன்றும் அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்த்தபோது தெரிந்தது. ஓ.டி. பணத்துக்குச் சேமநிதி கிடையாது. சட்டத்தில் மிகை நேர ஊதியம் சேமநிதிக்கான சம்பளமாகக் கருதப்படுவதில்லை. அப்பா இத்தனை வருடம் சனிக்கிழமைகளில் செய்த ஓ.டி. அவருடைய சேமநிதியில் ஒரு காசுகூடச் சேர்க்கவில்லை. அதனால் ஓய்வை நோக்கிய முதல் படி நாளைக் குறைப்பது அல்ல, ஓ.டி.யை நிறுத்துவது. வீட்டு வரவு குறையும், ஆனால் சேமநிதிச் சந்தா அப்படியே இருக்கும்.

இவ்வளவோடு விட்டிருந்தால் மூன்று நாள் என்றே அப்பா முடிவெடுத்திருப்பார். ஆனால் சேமநிதி மட்டும் அவருடைய பாதுகாப்பு இல்லை. வேறு மூன்று சட்டங்கள் அவரைச் சுற்றி நிற்கின்றன. அந்த மூன்றும் பெரியப்பாவின் சட்டத்தைப் போலக் கடைசிக் காலத்தைத்தான் பார்க்கின்றன. இதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது.

முதலாவது சொக்சோ. 60 வயதுக்குள் ஒருவர் வேலை செய்ய முடியாத அளவுக்கு நோயில் விழுந்தால் மாத ஓய்வூதியம் கிடைக்கும். அது சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை. எந்தச் சராசரி? அதற்கு முந்தைய 24 மாதங்களின் சராசரி. மூன்று நாள் வேலைக்கு மாறி இரண்டு வருடம் கழித்து அப்பா படுத்துவிட்டால், 1,800 வெள்ளியை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். உச்ச விழுக்காட்டிலேயே பார்த்தால் 1,950 வெள்ளிக்குப் பதிலாக 1,170 வெள்ளி. முழங்கால் தேய்கிறது என்று வேலையைக் குறைப்பவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

இரண்டாவது ஆட்குறைப்பு இழப்பீடு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து வருடத்துக்குமேல் வேலை செய்தவரை ஆள் மிஞ்சிவிட்டது என்று நிறுத்தினால், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம் தர வேண்டும். அந்த ஒரு நாள் சம்பளம் கடைசி 12 மாதங்களின் சராசரி. அப்பாவுக்கு 22 வருடம், 440 நாள். முழு நேரத்தில் நிறுத்தினால் சுமார் 43,400 வெள்ளி. மூன்று நாள் வேலைக்கு மாறி ஒரு வருடம் கழித்து நிறுத்தினால் சுமார் 26,000 வெள்ளி. 22 முழு நேர வருடங்களை ஒரே ஒரு பகுதி நேர வருடம் மறுவிலை போட்டுவிடுகிறது. இங்கே போவது 17,400 வெள்ளி. நான்கு வருடச் சேமநிதிச் சந்தாவில் போகும் 14,900 வெள்ளியைவிட இது அதிகம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 2012-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதுவரை தனியார் நிறுவனங்கள் வழக்கமாக 55 வயதில் அனுப்பிவிடும். அந்தச் சட்டம் வந்த பிறகு வயதைக் காரணம் காட்டி 60-க்கு முன்னால் யாரையும் ஓய்வில் அனுப்ப முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தின் கடைசியில் யார் யாருக்கு இது பொருந்தாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு வரி: முழு நேர ஊழியரின் வழக்கமான வேலை நேரத்தில் சராசரியாக 70 விழுக்காட்டைத் தாண்டாத நேரம் வேலை செய்பவர்.

அப்பாவின் கம்பெனியில் வாரத்துக்கு 45 மணி நேரம், ஐந்து நாள். மூன்று நாள் என்றால் 27 மணி நேரம், 60 விழுக்காடு. சட்டத்துக்கு வெளியே. மூன்றரை நாள் என்றால் 31.5 மணி நேரம், சரியாக 70 விழுக்காடு. ‘தாண்டாத’ என்ற சொல் இருப்பதால் அதுவும் வெளியே. நான்கு நாள் என்றால் 36 மணி நேரம், 80 விழுக்காடு. உள்ளே. பகுதி நேர ஊழியர் யார் என்று சொல்லும் 2010-ஆம் ஆண்டு விதிகளும் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை என்றே கோடு போடுகின்றன. மூன்று நாள் வேலைக்குக் கையெழுத்துப் போடும் அன்றைக்கே, 60 வயதுவரை வயதைச் சொல்லி அனுப்ப முடியாது என்ற காப்பை அப்பா இழந்துவிடுவார். சேமநிதிக் கணக்கு எதிலும் இது தெரியாது.

இந்த இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டு, வேறெங்காவது இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா என்று தேடினேன். ஸ்வீடன் 1976 ஜூலையில் பகுதி ஓய்வூதியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. 60 முதல் 64 வயதுவரை உள்ளவர்கள் வாரத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் வேலையைக் குறைத்து, குறைந்தது 17 மணி நேரம் வேலையில் நீடித்தால், இழந்த சம்பளத்தில் 65 விழுக்காட்டை அரசு தந்தது. அப்பாவின் பள்ளத்தை அவருடைய சொந்தச் சேமிப்பு நிரப்ப வேண்டியிருக்கிறது, அங்கே பொதுநிதி நிரப்பியது. அதைவிட முக்கியம் அதன் பின்னால் இருந்த சூத்திரம். அன்றைய ஸ்வீடனின் முதுமை ஓய்வூதியம் ஒருவரின் வேலைக்காலத்தில் மிக அதிகம் சம்பாதித்த 15 வருடங்களை எடுத்துக்கொண்டது. கடைசி நான்கைந்து வருடம் சம்பளம் குறைந்தால், அந்த வருடங்கள் சிறந்த 15-இல் சேராமல் போகும், அவ்வளவுதான். கடைசியை மறக்கவும் நல்ல காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளவும் தெரிந்த சூத்திரம். பிறகு 90-களின் சீர்திருத்தம் வாழ்நாள் சம்பாத்தியம் முழுவதையும் கணக்கில் எடுக்கும் முறைக்கு மாறியது, பகுதி ஓய்வூதியத்துக்கும் 2000-க்குப் பிறகு புதிதாக யாரையும் சேர்க்கவில்லை. அதிகச் செலவு பிடிக்கிற திட்டம் அது. ஆனாலும் கால் நூற்றாண்டு நடந்திருக்கிறது.

நம்மூரில் அப்படி ஒரு திட்டம் இல்லை. இருக்கிற சட்டங்களுக்குள் ஒரு வழிதான் தேட வேண்டியிருந்தது. வேலைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஆனால் கேட்பதற்கும் பதில் பெறுவதற்கும் ஒரு தாள் இருக்கிறது. பாட்டிக்கு அது இருக்கவில்லை.

நாங்கள் நான்கு நாள் என்று எழுதினோம். புதன்கிழமை விடுப்பு. 36 மணி நேரம். நான்கு நாள் சம்பளம் 2,400 வெள்ளி. சந்தாக் குறைவால் 60 வயதில் ஏறக்குறைய 7,400 வெள்ளி குறையும். வீட்டுப் பள்ளம் மாதம் 534 வெள்ளி. முழுவதையும் சேமநிதியிலிருந்து எடுத்தால் நான்கு வருடத்தில் 27,600 வெள்ளி போகும். அதில் 300 வெள்ளியை நான் தருவதாகச் சொன்னேன். அப்பா பதில் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கம்பெனியில் மனிதவளப் பிரிவு முதலில் வேறொரு தாளை நீட்டியது. 22 வருட வேலையிலிருந்து விலகுவதாக ஒரு கடிதம், மறுநாளிலிருந்து நான்கு நாள் வேலைக்குப் புதிய ஒப்பந்தம். “சுலபமா முடிஞ்சிரும் அண்ணே” என்று அந்தப் பெண் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறாள். அப்பா தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் 22 வருடத் தொடர்ச்சி அறுந்துவிடும், ஆட்குறைப்பு இழப்பீட்டின் 440 நாளும் சுழியத்திலிருந்து ஆரம்பிக்கும். “கையெழுத்துப் போடாதீங்கப்பா. பழைய ஒப்பந்தத்திலயே நாளை மட்டும் மாத்தித் தரச் சொல்லுங்க” என்றேன். இரண்டு வாரம் இழுத்தது. பிறகு, மற்ற நிபந்தனைகள் அனைத்தும் தொடரும் என்ற ஒரு வரியோடு ஒரு பக்கக் கடிதம் வந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டு வாரம்.

60 வயதுக்குப் பிறகு கதை மாறும். அப்போது சட்டப்படி தொழிலாளி பங்கு கிடையாது, கம்பெனி பங்கும் குறைந்தது 4 விழுக்காடுதான். பாதுகாக்க வேண்டிய ஓய்வு வயதும் கடந்திருக்கும். அந்த வயதில் அவர் மூன்று நாளுக்கு இறங்கினால் இழப்பதற்கு அதிகம் இருக்காது. நான் அவரிடம் சொன்னது இதைத்தான்: 60 வரை நான்கு நாள், அதற்குப் பிறகு முடிந்தால் மூன்று நாள்.

பெரியப்பாவிடம் கடிதத்தைக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “அப்ப என் கணக்கு தப்பாடா?” என்று கேட்டார். தப்பில்லை பெரியப்பா, உங்க கணக்கு உங்க சட்டத்துக்குச் சரி என்றேன். அவர் ஓய்வு பெற்ற அன்று வியாழக்கிழமை மாலைவரை வண்டி ஓட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை சீருடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றதைப் பெரியம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். அன்று அவர் சிரிக்கவில்லை. “எனக்கு யாரும் நாலு நாளுன்னு கேக்கச் சொல்லல. கேட்டாலும் குடுத்திருக்க மாட்டாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து அப்பாவிடம் கொடுத்தார்.

முதல் புதன்கிழமை அப்பா வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்துவிட்டார். பசியாறிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் பழைய கிள்ளான் சாலைவரை நடந்து போய்த் திரும்பியிருக்கிறார். முழங்கால் வலித்ததாம். இரண்டாவது புதன்கிழமை பெரியப்பா பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.